தியேட்டரின் பின்கதவுக்கு என்ன மதிப்பு?

எங்கள் தாலுகா டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய தியேட்டரை இடிக்கப் போகிறார்கள். 1957இல் கட்டியது. படப்பெட்டி வருவது நின்று டிஜிட்டல் வந்த காலத்தில் மூடினார்கள், பிறகு திறக்கவே இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வரப்போகிறதாம். இதைக் கேள்விப்பட்ட நண்பர்கள் சிலர், இது பாரம்பரியக் கட்டடம், காப்பாற்ற வேண்டும் என்று நான்கு பக்கக் குறிப்பு ஒன்றைத் தயாரித்து, கையெழுத்துக் கேட்டு எனக்கும் அனுப்பினார்கள்.

நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். முகப்பின் வளைவு, பால்கனிக்கு ஏறும் மொசைக் படிக்கட்டு, முதலில் ஓடிய படம், வந்துபோன நடிகர்கள், கட்டிய குடும்பத்தின் வரலாறு எல்லாம் இருந்தன. மாலையில் அதைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பின்னாடி சந்துல இருக்கிற சின்னக் கதவைப் பத்தி ஏதாவது போட்டிருக்காங்களாப்பா?"

போடவில்லை.

அது ஆள் நுழையும் கதவு அல்ல. தியேட்டரின் பின்சுவரில், தரையை ஒட்டி, தகரம் அடித்த ஒரு திறப்பு. அந்தக் காலத்தில் ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. தியேட்டருக்குள் இருந்தது எடுப்புக் கக்கூஸ். உள்ளே வாளி நிரம்பும். படம் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாமல், பின்சந்து வழியாக வந்து, அந்தத் தகரத்தைத் தூக்கி வாளியை வெளியே இழுக்க வேண்டும். இழுத்தவர்களில் ஒருவர் என் ஆயா, பெரியப்பாவின் அம்மா.

நான் அந்தக் குறிப்பில் கையெழுத்துப் போடவில்லை. இடித்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. சினிமாக் கொட்டகை, சந்தை, பஸ் ஸ்டாண்டு, ஹோட்டல் மாதிரியான கட்டடங்களுக்கு மதிப்புப் போடும்போது நாம் எதைப் பார்க்க வேண்டும் என்று சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்த்துவிடுவோம். 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டத்தின்படி ஒரு கட்டடம் பழமையான சின்னம் ஆக வேண்டுமானால் அது நின்று நூறு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். எங்கள் தியேட்டர் 2057 வரை காத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் பொதுவாக முப்பது ஆண்டு கடந்தால் பட்டியலில் சேர்ப்பதைப் பரிசீலிக்கிறார்கள். நம்முடைய நூறு ஆண்டு வரம்பு, கோயிலுக்கும் கோட்டைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. அந்தக் கோயிலுக்குள் நம்மை விடவில்லை, கோட்டையில் நாம் குடியிருக்கவில்லை. நம் ஆட்கள் காசு கொடுத்துத் தலைநிமிர்ந்து நுழைந்த கட்டடங்கள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் எழுந்தவைதாம். அவை இந்தச் சட்டத்தின் கணக்கில் இன்னும் குழந்தைகள்.

சென்னைக்கு மட்டும் தனிக் கதை உண்டு. அங்கே 460க்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியல் ஒன்று உருவானது. உருவான காரணம் விசித்திரமானது: விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கில் நியமிக்கப்பட்ட நீதிபதி பத்மநாபன் குழு, எந்தெந்தக் கட்டடங்களின் பார்வையைப் பலகைகள் மறைக்கக் கூடாது என்று தொகுத்த பட்டியல் அது. பிறகு அண்ணா சாலை பாரத் இன்ஷூரன்ஸ் கட்டட வழக்கில் 2010இல் உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பட்டியல் பிறந்த இடத்தைக் கவனியுங்கள். தெருவிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் அதன் ஆதிக் கேள்வி. சந்துக்குள் இருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை.

விதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மும்பை 1995இல் கொண்டுவந்த விதிகளில், ஒரு கட்டடத்தை ஏன் பட்டியலில் சேர்க்கிறோம் என்பதற்கு எழுத்து வரிசையில் காரணங்கள் வகுத்திருக்கிறார்கள். கட்டடக்கலை ஒன்று, பெரிய மனிதர்களுடன் தொடர்பு ஒன்று. அவற்றுக்கு நடுவில் 'சி' என்ற எழுத்தின் கீழ் சமூக, பொருளாதார வரலாற்றுத் தொடர்பு என்றும் ஒரு காரணம் உண்டு. எங்கள் தியேட்டருக்கு எழுதப்பட்டது போன்ற குறிப்புகளில் இந்தக் காரணத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்: 'மக்களின் நினைவுகளில் நீங்கா இடம் பெற்றது.' எந்த மக்கள், எந்த வாசல் வழியாக வந்தவர்களின் நினைவு என்பது அந்த வரியில் இராது.

தமிழ்நாட்டுக் கொட்டகைகளைப் பற்றி இந்தக் கேள்வியை முதலில் கூர்மையாகப் பேசியவர்களில் ஒருவர் ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி. 1981இல் வந்த ஆங்கில நூலொன்றில் அவர் சொன்னது பலருக்கும் தெரிந்திருக்கும். எல்லாத் தமிழரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் அரங்கம் சினிமாக் கொட்டகைதான், அங்கே உட்காரும் இடத்தைத் தீர்மானித்தது பிறந்த தகுதி அல்ல, கொடுத்த காசு என்றார். எங்கள் தியேட்டருக்குப் பாரம்பரிய மதிப்பு இருக்கிறதென்றால் அதன் மையம் இந்தக் கூற்றுதான். அப்படியானால் இந்தக் கூற்று இந்தக் கட்டடத்தில் எவ்வளவு உண்மை என்று சோதித்துப் பார்ப்பதுதான் மதிப்பீடு. முகப்பின் வளைவை அளப்பது அதற்குப் பிறகு.

உரிமையாளர் நல்ல மனிதர். இரண்டு நாள் சாவி கொடுத்தார். டேப், நோட்டு, டார்ச்சுடன் போனோம்.

தியேட்டருக்கு மூன்று வழிகள். முன்னால் போர்ட்டிகோ, பெரிய கதவு. அது சேர், சோபா, பால்கனிக்கு. இடது பக்கம் நாலடி அகலச் சந்து, இரண்டு பக்கமும் சுவர், தலைக்கு மேல் இரும்புக் கம்பி. அது தரை டிக்கெட்டுக்கும் பெஞ்சுக்கும். சந்தின் முடிவில், உள்ளங்கை மட்டும் நுழையும் அரைவட்ட ஓட்டை. கையை உள்ளே விட்டால் காசு போகும், டிக்கெட் வரும். விற்பவர் முகம் தெரியாது. மூன்றாவது வழி, நான் சொன்ன பின்சந்து.

கேன்டீன் முன்பக்கத்தில்தான் இருக்கிறது. பெஞ்சிலிருந்து அங்கே போக வழியில்லை. பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்து, அதன் வழியே முறுக்கும் கலரும் விற்றிருக்கிறார்கள். உள்ளே பெஞ்சுப் பகுதிக்கும் சேர் பகுதிக்கும் நடுவே இடுப்பளவு சுவர்.

இந்த இடத்தில் எனக்கே ஒரு சபலம் வந்தது. தனிச் சந்து, தனி ஜன்னல், நடுவில் சுவர்: இதுதான் தீண்டாமை என்று எழுதிவிடலாம். எழுதினால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது சரியாக இராது. குறைந்த டிக்கெட்டுக்குத் தனி வழியும் கம்பி போட்ட கியூவும் தமிழ்நாட்டில் பல பழைய தியேட்டர்களிலும் உண்டு. ரிலீஸ் அன்று கூட்டம் நெரிந்து ஆள் செத்துவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். அந்தச் சந்தில் ஊர்க்காரர்களும் நின்றார்கள், காலனிக்காரர்களும் நின்றார்கள். பெரியப்பா சொல்கிறார்: "எவன் தோள் எவன் மேல இடிக்குதுன்னு அந்தச் சந்துல பாக்க முடியாதுப்பா. அதுக்காகவே சில பேரு வீட்ல சொல்லாம வருவானுங்க." ஊரில் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் தொடாமல் வாழ்ந்தவர்கள் வியர்வையோடு ஒட்டி நின்ற இடம் அந்த நாலடிச் சந்து. அவமானத்தின் சின்னமாக நான் நினைத்துப் போனது, அவருக்கு வேறு ஒன்றாக இருந்திருக்கிறது.

நடுச் சுவர் இன்னொரு பாடம் சொன்னது. அது முதலிலேயே கட்டியதா, பிறகு எழுப்பியதா? சுவர் தரையைத் தொடும் இடத்தில் பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் தெரியும். தரை சிவப்பு ஆக்ஸைடு போட்ட சிமென்ட். அந்தச் சிவப்பு சுவருக்கு அடியிலும் தொடர்ந்து போகிறது. அதாவது தரை முதலில், சுவர் பிறகு. பக்கத்துப் பெரிய சுவரில் சிவப்பு வெளிப்பூச்சோடு நின்றுவிடுகிறது. அது முதலிலிருந்தே இருக்கும் சுவர். ஆக 1957இல் பெஞ்சுக்கும் சேருக்கும் நடுவே சுவர் இல்லை, வெறும் இடைவெளியோ கயிறோ இருந்திருக்கலாம். பிறகு ஏன் எழுப்பினார்கள்? பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. லைட் அணைந்ததும் பெஞ்சில் இருந்த பையன்கள் குனிந்து போய்க் காலியான சேரில் உட்கார்ந்துகொள்வார்களாம். "நானே எத்தனை தடவை உக்காந்திருக்கேன்!" என்று சிரிக்கிறார். அதைத் தடுக்க வந்த சுவர் அது. முகப்பின் வளைவைவிட இந்தச் சுவருக்குக் கூடுதல் மார்க் போடுவேன். பிரிப்பதற்காக எழுந்த சுவர்தான், ஆனால் அதற்கு முன்னால் மீறல் நடந்தது என்பதற்கும் அதுவே சாட்சி.

காசு மட்டும்தான் தீர்மானித்தது என்பது எவ்வளவு உண்மை? அன்று காலனியில் கூலி நெல்லாகத்தான் வந்தது. நெல்லை விற்றால்தான் டிக்கெட். ஆகவே பெஞ்சுக்கு மேல் போனவர்கள் மிகக் குறைவு. காசின் பெயரால் சாதி தன் வேலையைச் செய்துகொண்டது. 1974இல் பெரியப்பாவின் கூட்டாளி ஒருவர் அரசு வேலையில் முதல் சம்பளம் வாங்கி, முன்வாசல் வழியாகப் போய்ச் சேர் டிக்கெட் எடுத்தார். கொடுத்தார்கள். உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். அவ்வளவுதான். யாரும் இவரை எழுப்பவில்லை, படம் முழுக்கப் பார்த்துவிட்டு வந்தார். அதே நாள், அதே தெருவில், தியேட்டருக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ்தான். இருபது அடி தூரத்தில் இரண்டு விதிகள். சிவத்தம்பி சொன்ன ஒரே கூரை எங்கள் ஊரில் அந்த அளவுக்கு உண்மை, அதற்கு மேல் இல்லை.

வாய்மொழியை மட்டும் நம்பவும் கூடாது. தியேட்டர் என்பது அரசு விடாமல் கண்காணித்த கட்டடம். 1955ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். அந்தக் கோப்பில் வகுப்புவாரியாக இருக்கைகளைக் குறித்த வரைபடம் இருக்கும், கதவுகள் இருக்கும், பிறகு செய்த மாற்றங்களுக்கான அனுமதியும் இருக்கும். கேளிக்கை வரிக்காக ஒவ்வொரு காட்சிக்கும் எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட் விற்றது என்று எழுதிய டி.சி.ஆர். தாள்களும் உண்டு. புரொஜெக்டர் அறைக்குப் பக்கத்து அறையில் கரையான் அரித்த கட்டுகளாக அவை கிடந்தன. நான்கு கட்டு மிஞ்சியிருக்கிறது. எங்கள் ஊர் எங்கே உட்கார்ந்து படம் பார்த்தது என்பதற்கு அதைவிடக் கறாரான சாட்சி கிடையாது. நண்பர்களின் குறிப்பில் மொசைக் படிக்கட்டுக்கு அரைப் பக்கம் இருக்கிறது, இந்தத் தாள்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் முன்வாசல் வழியாக வந்தவர்கள், வந்த வழியை எழுதியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் லிரிக் என்றொரு தியேட்டர் இருக்கிறது. 1914இல் திறந்தது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே காட்சியை ஒரே விலையில் பார்க்கலாம் என்று அக்காலத்திலேயே பெயர் வாங்கிய அரங்கம். ஆனால் கறுப்பர்களுக்குப் பக்கத்தில் தனிக் கதவு, தனிப் படிக்கட்டு, மேலே தனி பால்கனி. அங்கே நம்மைப் போலக் காசை முன்னிறுத்தவில்லை. விலை ஒன்றாக இருந்தும் கதவு வேறு. பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்த அந்த அரங்கத்தைச் சீர்செய்து 2016இல் திறந்தார்கள். அப்போது அந்தக் கதவை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. கறுப்பர் நுழைவாயில் என்று எழுதியிருந்ததை அழிக்காமல், அது வரலாற்றுச் சான்று என்பது தெரியும்படி அங்கேயே வைத்தார்கள். அரங்கம் பளபளப்பாகிவிட்டது, கதவு பொய் சொல்லாமல் நிற்கிறது. முகப்பை மட்டும் வைத்து மதிப்பிட்டிருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது அந்தக் கதவுதான்.

சந்தைகளுக்கு வந்தால் சிக்கல் கொஞ்சம் வேறு. சென்னை மூர் மார்க்கெட் 1900இல் திறந்தது, 1985இல் எரிந்தது. செங்கல் வளைவுகளுக்காக இன்றும் பலர் வருந்துகிறார்கள், நியாயம்தான். ஆனால் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன பையனுக்கு அது பழைய பாடப்புத்தகம் மலிவாகக் கிடைத்த இடம். அந்த மதிப்பு செங்கல்லில் இல்லை, புத்தகத்தைத் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தவரிடம் இருந்தது. கட்டடம் தப்பித்து, அவரை வெளியேற்றிவிட்டுக் கைவினைப் பொருள் அங்காடி ஆக்கியிருந்தால் பட்டியலில் இடம் கிடைத்திருக்கும், மதிப்பில் பாதி போயிருக்கும். எங்கள் ஊர் வாரச்சந்தையில் மணிக்கூண்டு காம்பவுண்டுக்குள் இருக்கிறது, மாட்டுக்கறிக் கடைகளின் தகரக் கொட்டகை காம்பவுண்டுக்கு வெளியே, சாக்கடை ஓரம். நாளைக்கு யாராவது அந்தச் சந்தைக்குக் குறிப்பு எழுதினால் அந்தக் காம்பவுண்டுச் சுவர் வழியே நடந்துபோய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எழுதட்டும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற பழைய செம்புச் சுரங்க ஊரில் எழுதப்பட்ட சாசனம், ஓரிடத்தின் மதிப்பு எதில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள், என்ன செய்வதென்று பிறகு முடிவெடு என்கிறது. நாம் முதலில் முகப்பைக் காப்பாற்ற முடிவெடுத்துவிட்டுப் பிறகு மதிப்பைத் தேடுகிறோம்.

இந்தத் தியேட்டரில் எதைக் காப்பாற்றச் சொல்வேன்? முழுவதையும் அல்ல. முகப்பில் பாதி 1980களில் ஒட்டிய டைல்ஸ், அது போகட்டும். கூரை ஆஸ்பெஸ்டாஸ், அது போவதுதான் யாருடைய நுரையீரலுக்கும் நல்லது. உரிமையாளருக்குப் பத்தாண்டுக்கு மேல் வருமானம் இல்லை. சும்மா நிற்க வைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மும்பை விதிகளில் மூன்றாம் தரக் கட்டடங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் மாற்றம் செய்து புது உபயோகத்துக்குக் கொண்டுவர இடம் உண்டு. அந்த அளவு போதும். பக்கச் சந்து, டிக்கெட் ஓட்டை, இடுப்பளவுச் சுவரில் ஒரு துண்டு, இவற்றை வைத்துக்கொண்டே கல்யாண மண்டபம் கட்டலாம். சந்தைச் சமையலறைக்கான வழியாக வைத்துக்கொள்ளலாம் என்று வரைந்தே காட்டினேன். யோசிக்கிறேன் என்றார். டி.சி.ஆர். கட்டுகளை அப்படியே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். அது இப்போதைக்குப் பெரிய விஷயம்.

பின்கதவுதான் தீரவில்லை. லிரிக் தியேட்டரைப் பற்றிச் சொல்லி, இதையும் வைக்கச் சொல்லலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க அவங்க படம் பாக்கப் போன கதவுப்பா அது. இது எங்கம்மா வாளி இழுத்த ஓட்டை. அதை வெச்சுக் காட்டணுமா? இடிச்சுத் தொலைக்கட்டும்." எடுப்புக் கக்கூஸை 1993இலேயே சட்டம் தடைசெய்துவிட்டது, இது அழிந்தால் இப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பார்கள் என்று சொன்னேன். பதில் சொல்லவில்லை. அதே வேலை பார்த்த இன்னும் இரண்டு குடும்பங்களிடம் கேட்டேன். ஒரு அத்தை, வைக்கணும், பேரப்பிள்ளைகள் பார்க்கணும் என்றார். இன்னொரு வீட்டில் பேச்சையே மாற்றினார்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாமல் அதை நான் பாரம்பரியம் ஆக்க முடியாது. அவர்களைக் கேட்காமல் அது இடிபடவும் கூடாது. இப்போதைக்கு அளந்து, படம் எடுத்து, வரைந்து வைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் அளக்கப் போனபோது பெரியப்பாவும் வந்தார். சந்து முனையிலேயே நின்றுகொண்டார். திறப்பின் அகலம் ஒன்றரை அடி, உயரம் ஒன்றேகால் அடி. நான் எண்ணைச் சத்தமாகச் சொன்னதும் அங்கிருந்தே, "முன்னாடி இன்னும் கொஞ்சம் ஒசரம் இருந்துச்சு. ரோடு போட்டுப் போட்டு மண்ணு ஏறிடுச்சு" என்றார். கடப்பாரையால் அரை அடி தோண்டிப் பார்த்தோம். கருங்கல் வாசற்படி இருந்தது, நடுவில் வாளி உரசி உரசித் தேய்ந்த பள்ளத்துடன். அதையும் வரைபடத்தில் சேர்த்திருக்கிறேன்.

லைசென்ஸ் கோப்பின் வரைபடத்தைக் கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாயிற்று. முப்பது நாளில் பதில் வரவேண்டும். இடிப்பு ஆடி கழிந்துதான் என்று உரிமையாளர் சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊர்களில் மூடிக்கிடக்கும் தியேட்டர்களில் பெஞ்சு வழியும் பின்சந்தும் எப்படி இருந்தன என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். டேப்பை எடுத்துக்கொண்டு வருகிறேன்.